ஓ.டி. கணக்கு: வட்டி ஒவ்வொரு நாளும் ஓடுகிறது, எப்படிக் கணக்குப் பார்ப்பது?



போன மே மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு சகோதரி பாஸ் புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இந்தப் பாடம் முழுக்க அவரை மசாலா அக்கா என்றே சொல்கிறேன். முத்ரா திட்டத்தில் அவருக்கு 50,000 ரூபாய்க்கு ஓ.டி. கிடைத்திருந்தது. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம்.

"மேடம், நான் எடுத்தது 50,000 தான். அதுக்கு மேல ஒரு பைசா எடுக்கல. இதுல 50,493 ன்னு போட்டிருக்கு. பேங்க்ல கேட்டா வட்டிங்கிறாங்க. தவணையே இல்லாத கடன்னு சொல்லித்தான குடுத்தாங்க? அப்புறம் எப்படி ஒரே மாசத்துல வட்டி?" என்று கேட்டார்.

கூட்டத்தில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் இதே குழப்பம் இருந்தது. அன்று பாயில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். பேனாவும் ஒரு தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓ.டி. என்றால் என்ன?

நமக்குப் பழக்கமான கடன் எப்படி? வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தருகிறது. நாம் மாதாமாதம் தவணை கட்டி அடைக்கிறோம். கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. இதைத் தவணைக் கடன் என்கிறோம்.

ஓ.டி. அப்படி இல்லை. ஓவர் டிராஃப்ட் என்பதைத்தான் சுருக்கமாக ஓ.டி. என்கிறோம். இதில் வங்கி நம் கையில் பணம் தருவதில்லை. ஒரு கணக்கைத் திறந்து, அதற்கு ஒரு லிமிட் (வரம்பு) போடுகிறது. "இந்தக் கணக்கில் உங்கள் பணம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 50,000 வரை எடுத்துக்கொள்ளலாம்" என்பதுதான் அதன் பொருள். இன்றைக்கு 10,000 வேண்டுமா, 10,000 மட்டும் எடுக்கலாம். நாளைக்கு 6,000 வியாபாரப் பணம் வந்தால் போடலாம். போட்ட 6,000 ஐ அடுத்த வாரம் மறுபடியும் எடுக்கலாம். எடுத்த பணத்துக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது.

சரக்கை அடமானமாகக் காட்டி வியாபாரிகள் வாங்கும் ரொக்கக் கடனும் (கேஷ் கிரெடிட், அதாவது சி.சி.) இதே மாதிரிதான் ஓடுகிறது. நம் குழுக்களுக்குக் கிடைக்கும் சி.சி. லிமிட்டுக்கும் இதே வட்டிக் கணக்குதான். அதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இது பொருத்தமான கடன். மசாலா அக்கா மிளகாய் வாங்கும்போது ரொக்கம் கொடுக்க வேண்டும். தூளைக் கடைக்குப் போட்டால் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் பணம் வரும். இந்த இடைவெளியைத் தாண்டத்தான் ஓ.டி. பணம் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும் தொழிலுக்காக ஏற்பட்டது இது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

வங்கிக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபிறகு நம் கணக்கில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று பார்க்கிறது. அந்த நாளின் பாக்கிக்கு அந்த ஒரு நாள் வட்டியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் எல்லா நாள் வட்டியையும் கூட்டி ஒரே தொகையாக நம் கணக்கில் பற்று எழுதுகிறது. பாஸ் புக்கில் மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் வட்டி தெரிவதால், மாதத்துக்கு ஒரு முறைதான் வட்டி கணக்கிடுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பற்று வைப்பது மாதம் ஒரு முறை. கணக்கிடுவது தினமும்.

ஒரு நாள் வட்டி எவ்வளவு? 1,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 120 ரூபாய். 120 ஐ 365 நாளால் வகுத்தால் 32.88 காசு வரும். நாம் 33 காசு என்று வைத்துக்கொள்வோம்.

ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 33 காசு. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வட்டி 12 சதவீதமாக இல்லாமல் இருக்கலாம். 9 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 காசு. 10 சதவீதம் என்றால் சுமார் 27 காசு. 14 சதவீதம் என்றால் சுமார் 38 காசு. ஊரில் நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால் அது ஆண்டுக்கு 24 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 66 காசு. உங்கள் கணக்குக்கு என்ன சதவீதம் என்பது வங்கி தரும் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். பல கடன்களுக்கு இந்த வட்டி அவ்வப்போது மாறும். ஆகவே வருடம் ஒரு முறையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதம் என்ன நடந்தது?

மசாலா அக்கா ஏப்ரல் 1 ஆம் தேதியே 50,000 ஐயும் மொத்தமாக எடுத்துவிட்டார். 30,000 க்கு மிளகாயும் மல்லியும் வாங்கினார். மீதி 20,000 ஐ அரைப்புக் கூலிக்கும் பாக்கெட் கவருக்கும் ஆகும் என்று பீரோவில் வைத்திருந்தார். கடைகளில் வசூலான பணத்தையும் அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்தார். "மொத்தமா சேர்ந்ததும் கட்டிரலாம்னு இருந்தேன் மேடம். சும்மா சும்மா பேங்க்குக்கு எதுக்குப் போகணும்?" என்றார்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பாக்கி 50 ஆயிரம். ஏப்ரல் மாதத்தில் 30 நாள். 50 ஐ 30 ஆல் பெருக்கினால் 1,500. அதாவது ஓராயிரம் ரூபாயை 1,500 நாள் வைத்திருந்ததற்குச் சமம். 1,500 ஐ 33 காசால் பெருக்கினால் 495 ரூபாய். வங்கி 32.88 காசு என்று நுணுக்கமாகப் போட்டதால் 493 ரூபாய் 15 காசு வந்திருக்கிறது. வங்கி தப்பாகப் போடவில்லை.

பீரோவில் படுத்திருந்த 20,000 க்கும் வட்டி ஓடியது. அரிசிப் பானையில் இருந்த பணம் கணக்குக்குப் போயிருந்தால் குறைந்திருக்க வேண்டிய வட்டியும் குறையாமல் ஓடியது. "என் பணம் என் வீட்டுல சும்மா கெடக்க, நான் பேங்க்குக்கு வட்டி கட்டிருக்கேனா?" என்று அவரே கேட்டார். ஆமாம். 12,000 ரூபாயைப் பத்து நாள் வீட்டில் வைத்திருந்தால் 12 ஐ 10 ஆல் பெருக்கி 120, அதை 33 காசால் பெருக்கினால் கிட்டத்தட்ட 40 ரூபாய்.

ஜூன் மாதம் மாற்றிச் செய்தார்

மே மாதத்தில் வீட்டில் இருந்ததையும் வசூலானதையும் போட்டு, வட்டியையும் கட்டிக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தார். ஜூன் மாதம், தேவைப்பட்ட அன்று தேவையானதை மட்டும் எடுப்பது, வசூல் பணத்தை உடனே போடுவது என்று முடிவு செய்தார். ஜூன் மாதக் கணக்கு இப்படி இருந்தது.

ஜூன் 1: மிளகாய், மல்லி வாங்க 30,000 எடுத்தார். பாக்கி 30,000. ஜூன் 7 வரை அப்படியே இருந்தது. 30 x 7 நாள் = 210.

ஜூன் 8: அரைப்புக் கூலி, கவர், லேபிளுக்கு 8,000 எடுத்தார். பாக்கி 38,000. ஜூன் 11 வரை. 38 x 4 நாள் = 152.

ஜூன் 12: கடை வசூல் 12,000 போட்டார். பாக்கி 26,000. ஜூன் 17 வரை. 26 x 6 நாள் = 156.

ஜூன் 18: மறுபடி வசூல் 10,000 போட்டார். பாக்கி 16,000. ஜூன் 21 வரை. 16 x 4 நாள் = 64.

ஜூன் 22: மல்லி வாங்க 9,000 எடுத்தார். பாக்கி 25,000. ஜூன் 25 வரை. 25 x 4 நாள் = 100.

ஜூன் 26: வசூல் 15,000 போட்டார். பாக்கி 10,000. ஜூன் 30 வரை. 10 x 5 நாள் = 50.

நாட்களைக் கூட்டிப் பாருங்கள்: 7, 4, 6, 4, 4, 5. மொத்தம் 30 நாள் வருகிறது. நாள் விட்டுப் போகவில்லை என்று இப்படித்தான் சரிபார்க்க வேண்டும்.

இனி கடைசியில் வந்த எண்களைக் கூட்டுங்கள்: 210, 152, 156, 64, 100, 50. மொத்தம் 732. இதை 33 காசால் பெருக்கினால் 241 ரூபாய் 56 காசு. வங்கி போட்டது 240 ரூபாய் 66 காசு. நம் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒரு ரூபாய்க்குள் வந்துவிட்டது. இந்த அளவு வித்தியாசம் நாம் 33 காசு என்று முழுசாக்கியதால் வருவது. வித்தியாசம் பத்து, இருபது ரூபாய்க்கு மேல் போனால் மட்டும் வங்கியில் போய்க் கேளுங்கள். கேட்கும்போது இந்தத் தாளைக் கையில் கொண்டு போங்கள்.

ஏப்ரலில் 493. ஜூனில் 241. அதே தொழில், அதே லிமிட், அதே வட்டி விகிதம். 252 ரூபாய் மிச்சம். ஒவ்வொரு மாதமும் இப்படியே என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: 12 ஆம் தேதி போட்ட பணத்துக்கு 12 ஆம் தேதியே வட்டி குறைந்துவிட்டது. அன்றைய வேலை முடிந்தபிறகு நிற்கும் பாக்கிதான் கணக்கு. காலையில் எடுத்ததை மாலைக்குள் போட்டுவிட்டால் அந்தப் பணத்துக்கு அன்று வட்டியே இல்லை. ஆனால் செக் போட்டால் செக் கொடுத்த நாள் கணக்கில் வராது. பணம் நம் கணக்கில் வரவான நாளில் இருந்துதான் பாக்கி குறையும்.

க்யூ.ஆர். அட்டையில் வரும் பணம் எங்கே போகிறது?

இப்போது கடையில் க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறோம். போனில் போடும் பணம் பெரும்பாலும் நம் சேமிப்புக் கணக்குக்குத்தான் போகிறது. மசாலா அக்காவுக்கும் அப்படித்தான். சேமிப்புக் கணக்கில் 9,000 ரூபாய் சேர்ந்து கிடந்தது. பெரிய பொதுத்துறை வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்குத் தரும் வட்டி ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. அதே நேரம் ஓ.டி. பாக்கிக்கு 12 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. நாம் 3 ரூபாய் வாங்கிக்கொண்டு 12 ரூபாய் கொடுக்கிறோம்.

க்யூ.ஆர். அட்டையை ஓ.டி. கணக்குடன் இணைக்க முடியுமா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். முடியாவிட்டால் வாரம் இரண்டு நாள் குறித்துக்கொண்டு, சேமிப்புக் கணக்கில் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மீதியை ஓ.டி. கணக்குக்கு மாற்றுங்கள். இதற்கு வங்கிக்கு நடக்க வேண்டியதில்லை, போனிலேயே செய்யலாம்.

போனில் வரும் மெசேஜைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓ.டி. கணக்கில் பணம் போட்டதும் Avl Bal என்று ஒரு தொகை காட்டும். சேமிப்புக் கணக்கில் இது நம்முடைய பணம். ஓ.டி. கணக்கில் இது இன்னும் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதைக் காட்டும் தொகை. ஜூன் 30 அன்று மசாலா அக்காவுக்கு ஏறக்குறைய 40,000 காட்டியிருக்கும். "நம்ம பணம் நாப்பதாயிரம் இருக்கு" என்று அதை எடுத்தால், அது முழுக்கக் கடன். பாஸ் புக்கில் பாக்கிக்குப் பக்கத்தில் டி.ஆர். என்று போட்டிருந்தால் அந்தப் பணம் நாம் வங்கிக்குத் தர வேண்டியது. சி.ஆர். என்றால் வங்கி நமக்குத் தர வேண்டியது.

கீழே இறங்காத பாக்கி

இது வேறு ஒரு குழுவில் நடந்தது. அந்தச் சகோதரிக்கும் 50,000 லிமிட். மாவு அரைக்கும் மெஷின் ஒன்றை 35,000 ரூபாய்க்கு ஓ.டி.யில் இருந்து எடுத்து வாங்கிவிட்டார். "தவணை இல்லையே, மெதுவா கட்டிக்கலாம்" என்று நினைத்தார்.

மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் மிளகாய் மூட்டை மாதிரி மெஷின் ஒரு மாதத்தில் விற்றுப் பணமாகாது. அதன் விலை மூன்று, நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பி வரும். அதனால் அவருடைய பாக்கி 35,000 க்குக் கீழே இறங்கவே இல்லை. லிமிட்டில் மீதி 15,000 தான். கம்பும் கேழ்வரகும் வாங்க அது போதவில்லை. சரக்கு வாங்கப் பணம் இல்லாமல் மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. கடைசியில் தண்டல்காரரிடம் போனார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாஸ் புக்கை எடுத்து, ஒவ்வொரு மாதமும் பாக்கி எவ்வளவு கீழே இறங்கியது என்று மட்டும் பாருங்கள். மசாலா அக்காவுக்கு ஜூன் மாதம் 10,000 வரை இறங்கியது. அவர் பணம் சுற்றுகிறது. மெஷின் வாங்கிய சகோதரிக்கு ஆறு மாதமாக 35,000 க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று, நான்கு மாதமாக எந்தத் தொகைக்குக் கீழே இறங்கவே இல்லையோ, அந்தத் தொகை தொழிலில் சுற்றவில்லை, எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. மெஷினிலோ, வசூலாகாத கடன் பாக்கியிலோ, பிள்ளையின் காலேஜ் ஃபீஸிலோ, வீட்டுச் செலவிலோ.

அப்படி மாட்டிய தொகைக்கு ஓ.டி. எவ்வளவு செலவு வைக்கும்? 35,000 க்கு 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 4,200. மூன்று வருடம் வட்டியை மட்டும் தவறாமல் கட்டினால் 12,600 போயிருக்கும், அதன்பிறகும் 35,000 அப்படியே நிற்கும். அதே 35,000 ஐ, அதே 12 சதவீதத்தில், 36 மாதத் தவணைக் கடனாக வாங்கியிருந்தால் மாதம் சுமார் 1,163 ரூபாய். மூன்று வருடத்தில் மொத்த வட்டி சுமார் 6,850. கடனும் முடிந்துவிடும். அசல் மாதாமாதம் குறைவதுதான் வித்தியாசத்துக்குக் காரணம்.

அந்தச் சகோதரி வங்கி மேனேஜரைப் பார்த்து மெஷினுக்கு உண்டான 35,000 ஐத் தனித் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேட்டார். மெஷின் வாங்கிய பில் இருந்ததால் பேசுவது சுலபமாக இருந்தது. மாற்றிய பிறகு லிமிட் மறுபடியும் சரக்கு வாங்கக் காலியானது. மெஷின், கொட்டகை, வண்டி போன்றவற்றுக்குத் தவணைக் கடன். சரக்கு, கூலி, கவர் போன்றவற்றுக்கு ஓ.டி.

90 நாள் கணக்கு

"தவணை இல்லாத கடன்" என்ற சொல்லில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஓ.டி.யில் மாதத் தவணை கிடையாது, உண்மைதான். ஆனால் கணக்கு உயிரோடு ஓட வேண்டும் என்ற விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கீழே சொல்லும் மூன்றில் ஒன்று நடந்தாலும் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும்.

ஒன்று, பாக்கி தொடர்ந்து 90 நாள் லிமிட்டுக்கு மேலேயே நிற்பது. இரண்டு, தொடர்ந்து 90 நாள் கணக்கில் ஒரு வரவும் இல்லாமல் இருப்பது. மூன்று, போட்ட பணம் முந்திய 90 நாளில் பற்று வைத்த வட்டிக்குக்கூடப் போதாமல் இருப்பது.

மசாலா அக்காவின் ஏப்ரல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு லிமிட்டையும் எடுத்துவிட்டதால் வட்டி ஏற இடமே இல்லை. ஏப்ரல் 30 அன்று வட்டி ஏறியதும் பாக்கி 50,493. அவர் ஒரு பைசாவும் அதிகம் எடுக்காமலேயே லிமிட்டைத் தாண்டிவிட்டார். அப்படியே விட்டிருந்தால் மே மாத வட்டி 50,000 க்கு அல்ல, 50,493 க்குக் கணக்காகும். வட்டிக்கு வட்டி. மே கடைசியில் பாக்கி சுமார் 51,008. ஜூன் கடைசியில் சுமார் 51,511. ஜூலை முடிவதற்குள் 90 நாள் ஆகியிருக்கும். லிமிட்டைத் தாண்டியதற்கு வங்கி தனியாக அபராதக் கட்டணமும் போடலாம்.

வாராக்கடன் ஆனால் லிமிட்டில் மேற்கொண்டு எடுக்க முடியாமல் போகும், சிபில் பதிவிலும் ஏறும். அடுத்து எந்த வங்கிக்குப் போனாலும் அந்தப் பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். இத்தனையும் 493 ரூபாயைக் கவனிக்காமல் விட்டதால் வருவது.

இதைத் தவிர்க்க இரண்டு காரியம் போதும். லிமிட்டை ஒருநாளும் முழுசாக எடுக்காதீர்கள். 50,000 லிமிட் என்றால் 48,000 உடன் நிறுத்திக்கொள்ளுங்கள், வட்டி ஏற இடம் இருக்கட்டும். மாதம் பிறந்த முதல் வாரத்தில், போன மாதம் ஏறிய வட்டியை விடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தொகையைக் கணக்கில் போடுங்கள். வியாபாரம் மந்தமான மாதத்திலும் இதை விடக்கூடாது.

இன்னொரு தேதியையும் குறித்து வைக்க வேண்டும். ஓ.டி. லிமிட்டை வங்கிகள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத் தருகின்றன. வருடா வருடம் பரிசீலித்துப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய் என்ன காகிதம் வேண்டும், என்ன கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவின் சி.சி. லிமிட்டுக்கும் இதே கணக்கு

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வங்கிகள் குழுவுக்குத் தவணைக் கடனாகவும் தரலாம், சி.சி. லிமிட்டாகவும் தரலாம். சி.சி. என்றால் 3 வருடத்துக்குக் குறைந்தது 6 லட்சம் லிமிட். அதில் அந்தந்த வருடம் எவ்வளவு வரை எடுக்கலாம் என்று தனியாகக் குறிப்பார்கள். அனுமதிக் கடிதத்தில் 6 லட்சம் என்று பார்த்துவிட்டு அத்தனையும் இந்த வருடமே எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

குழுவில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். உறுப்பினர்கள் 5 ஆம் தேதி கூட்டத்தில் கட்டிய தவணைப் பணம் பொருளாளர் வீட்டில் இருந்துவிட்டு 20 ஆம் தேதி வங்கிக்குப் போகிறது. 24,000 ரூபாய் 15 நாள் தாமதமானால், 24 x 15 = 360. குழுவின் வட்டி 9 சதவீதம் என்றால் 360 ஐ 25 காசால் பெருக்கி 90 ரூபாய். இதை யாரும் திருடவில்லை, ஆனாலும் குழுப் பணத்தில் 90 ரூபாய் போய்விட்டது. கூட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ பணத்தைக் கட்டிவிட்டு, வங்கிச் சீட்டைத் தீர்மான நோட்டில் ஒட்டி வையுங்கள். சி.சி. கணக்கில் மாதத்துக்கு ஒரு வரவாவது இருக்க வேண்டும், அது அந்த மாத வட்டிக்காவது காண வேண்டும். வட்டி மானியத்துக்குத் தகுதி பார்க்கும்போது இதையும் பார்க்கிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒரு தையல் கடைச் சகோதரிக்கு 25,000 லிமிட், வட்டி 12 சதவீதம். மாதம் 30 நாள். 1 ஆம் தேதி துணி வாங்க 10,000 எடுத்தார். 11 ஆம் தேதி லைனிங், நூல், பட்டனுக்கு 5,000 எடுத்தார். 21 ஆம் தேதி கல்யாண ஆர்டர் பணம் வந்ததும் 8,000 போட்டார். மாதக் கடைசியில் வட்டி எவ்வளவு?

முதலில் தாளில் நீங்கள் போட்டுவிட்டு, பிறகு கீழே பாருங்கள்.

விடை: 1 முதல் 10 வரை 10 நாள், பாக்கி 10 ஆயிரம். 10 x 10 = 100. 11 முதல் 20 வரை 10 நாள், பாக்கி 15 ஆயிரம். 15 x 10 = 150. 21 முதல் 30 வரை 10 நாள், பாக்கி 7 ஆயிரம். 7 x 10 = 70. மொத்தம் 320. இதை 33 காசால் பெருக்கினால் 105 ரூபாய் 60 காசு. வங்கிக் கணக்கில் 105 ரூபாய் 21 காசு வரும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஓ.டி. வைத்திருப்பவர்கள் பாஸ் புக்கில் கடைசி மூன்று மாதம் பதிவு போட்டுக் கொண்டு வாருங்கள். இரண்டு கேள்விகளுக்குச் சேர்ந்து விடை பார்க்கலாம். போன மாதம் வங்கி போட்ட வட்டியும் நம் 33 காசுக் கணக்கும் ஒத்துப் போகிறதா? மூன்று மாதத்தில் பாக்கி எவ்வளவு வரை கீழே இறங்கியது?

மசாலா அக்கா இப்போது அரிசிப் பானையில் பணம் வைப்பதில்லை. "அரிசிப் பானைக்கு வட்டி கட்டினது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார். கூட்டத்தில் கை தூக்கச் சொன்னேன். பதினான்கு பேரில் ஐந்து பேர் தூக்கினார்கள்.